கிலோவுக்கு 33 ரூபாய்: முதல் 20 பேரிடம் பேச வேண்டியது

"தாண்டிக்குடிப் பக்கம் காபித்தூள் நிறுவனம் தொடங்குகிறேன். சுற்றியுள்ள சிறு தோட்டங்களில் பழம் வாங்கி, நாங்களே பதப்படுத்தி, வறுத்து, அரைத்து விற்கப்போகிறோம். 20 பேர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். தொடக்க நாளன்று எங்கள் பிராண்டின் நோக்கம் என்னவென்று அவர்களிடம் நான் பேச வேண்டும். நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். பாரம்பரியம், தரம், இயற்கை, பெண்கள் முன்னேற்றம் எல்லாம் அதில் இருக்கிறது. வாசித்தால் எனக்கே தூக்கம் வருகிறது. எதை வைப்பது, எதை எடுப்பது?"

நான்கு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள் அம்மா. அவற்றில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் அதே பக்கங்களில் காபி என்ற சொல்லை அடித்துவிட்டு ஊறுகாய் என்றோ சோப்பு என்றோ எழுதினாலும் உரை அப்படியே நிற்கும் என்று நினைக்கிறேன். தரம் வேண்டாம் என்று சொல்லும் நிறுவனம் உலகத்தில் இல்லை. எவருமே மறுக்க முடியாத ஒன்றை நோக்கம் என்று சொன்னால், கேட்பவர் தலையாட்டுவார், மறுநாள் காலையில் அதை வைத்துச் செய்ய அவருக்கு ஒரு வேலையும் இருக்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மசாலாப்பொடி நிறுவனத்துக்கு இப்படி ஓர் உரை எழுதிக் கொடுத்தேன். "தூய்மையே நம் நோக்கம்" என்பது அதன் மையம். நல்ல கைதட்டல். மூன்றாவது மாதம் ஈரப்பதம் அதிகமான மிளகாய் ஒரு லாரி வந்து நின்றது. திருப்பி அனுப்பட்டுமா என்று கிடங்குக்காரர் கேட்டார். பண்டிகை ஆர்டர் கையில் இருந்ததால், "இந்த ஒரு தடவை இறக்கிக்கொள்" என்றார் முதலாளி. அதற்குப் பிறகு அந்தக் கிடங்கில் தூய்மை என்பது ஒரு கேலிச்சொல்லாகிவிட்டது. தேநீரில் ஈ விழுந்தால் கூட "தூய்மைதான், குடி" என்பார்கள். முதலாளியை நான் குறை சொல்ல மாட்டேன். தூய்மை என்றால் எந்த லாரியைத் திருப்புவது, அந்த நட்டத்தை யார் தாங்குவது என்பதை என் உரை சொல்லவே இல்லை. தவறு எழுதிய என்னுடையது.

ஆகவே உங்கள் உரையில் இருக்க வேண்டியது ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும். அந்த விலை என்னவென்று அதே உரையில் நீங்கள் சொல்ல வேண்டும்.

வாக்கியத்தில் ஒரு சொல் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு உங்கள் மலையடிவாரத்துக்கு அந்தப் பக்கமே ஓர் உதாரணம் இருக்கிறது. மதுரையில் 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். "உலகத் தரமான கண் சிகிச்சை" என்று அவர் நோக்கத்தை வைக்கவில்லை. தேவையில்லாத பார்வையிழப்பை ஒழிப்பது என்று வைத்தார். அந்தத் "தேவையில்லாத" என்ற சொல்லைக் கவனியுங்கள். குணப்படுத்தக்கூடியதாக இருந்தும் ஒருவர் பார்வை இழந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் அதில் பெரும்பகுதி கண்புரை. எனவே எந்த அறுவைச் சிகிச்சையை முதலில், அதிக எண்ணிக்கையில் செய்வது என்பதை அந்தச் சொல்லே முடிவு செய்துவிடுகிறது. காசில்லாததால் பார்வை போவதும் தேவையில்லாததுதான். ஆகவே கட்டணம் கட்ட முடியாதவரைத் திருப்பி அனுப்ப முடியாது. கண்ணுக்குள் வைக்கும் லென்சை வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தால் இது நடக்காது என்று வந்தபோது, 1992இல் அதைத் தாங்களே தயாரிக்க ஆரோலேப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 'தரம்' என்ற சொல்லால் இவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

இனி உங்கள் காபிக்கு அப்படி ஒரு சொல்லைத் தேடுவோம். தேட வேண்டிய இடம் உங்கள் ஆசை இல்லை. பண்ணைக்காட்டிலிருந்து பெரும்பாறை வரை ஒரு சிறு தோட்டக்காரர் இன்று செய்கிற, ஆனால் செய்ய விரும்பாத ஒரு காரியம் என்ன என்று பாருங்கள்.

எனக்குத் தெரிந்தவரை அது உருவிப் பறிப்பது. காபிச் செடியில் ஒரே கிளையில் பழுத்த சிவப்புப் பழமும், செங்காயும், பச்சைக் காயும் சேர்ந்தே இருக்கும். பழுத்ததை மட்டும் பறிப்பதென்றால் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை ஆள் விட வேண்டும். உருவிப் பறித்தால் ஒரே முறையில் வேலை முடிந்துவிடும். கூலி ஆள் கிடைப்பதே கஷ்டம். உங்கள் மலையில் அறுவடை நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. மழை வந்தால் பழம் வெடித்துக் கொட்டும். இவ்வளவுக்கும் பிறகு, வாங்குகிறவர் கலவைக்கும் நல்ல பழத்துக்கும் ஒரே விலை கொடுத்தால், பழுத்ததை மட்டும் பறித்த தோட்டக்காரர் ஏமாளி. அவருக்கு நல்ல காபி தெரியாது என்று யாரும் நினைக்கக் கூடாது. நட்டப்பட அவரிடம் காசில்லை, அவ்வளவுதான்.

இதிலிருந்து உங்கள் வாக்கியம் வருகிறது: "பழுத்த பழத்தை மட்டும் பறித்தால் கீழ்ப் பழனி மலைத் தோட்டக்காரருக்கு நட்டம் வரக் கூடாது. அதற்காகத்தான் இந்த நிறுவனம்."

அழகான வாக்கியம் இல்லை, தெரியும். பையில் அச்சடிக்கவும் லாயக்கில்லை. பைக்கு வேறு ஏதாவது எழுதிக்கொள்ளலாம், அது விளம்பரக்காரர் வேலை. இது உள்ளே இருப்பவர்களுக்கானது. ஒரு மூட்டையின் முன் நின்று "எடுப்பதா, வேண்டாமா" என்று கேட்டால் இந்த வாக்கியம் பதில் சொல்லும்.

அடுத்தது விலை. இதை நீங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டே ஆக வேண்டும். நான் உதாரணத்துக்கு எண்கள் வைக்கிறேன், உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நாள் கூலி 600 ரூபாய் என்று வைப்போம். உருவிப் பறித்தால் ஒருவர் நாளுக்கு 60 கிலோ, பார்த்துப் பறித்தால் 40 கிலோ என்று வைப்போம். கிலோவுக்குப் பறிகூலி முன்னதில் 10 ரூபாய், பின்னதில் 15 ரூபாய். வித்தியாசம் 5 ரூபாய், பெரிதாகத் தெரியாது. ஆனால் தோல் நீக்கி, கழுவி, காயவைத்து, ஓடு உடைத்து ஒரு கிலோ பச்சைக் கொட்டை எடுக்க ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ பழம் வேண்டும். வறுக்கும்போது அதிலும் ஆறில் ஒரு பங்கு எடை போய்விடும். ஆக, ஒரு கிலோ தூளுக்குள் ஆறரைக் கிலோ பழம் இருக்கிறது. ஐந்து ரூபாயை ஆறரையால் பெருக்கினால் 32 ரூபாய் 50 காசு. 33 என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் நோக்கத்தின் விலை இதுதான், கிலோ தூளுக்கு 33 ரூபாய். தோட்டக்காரருக்கு நட்டம் வராமலிருக்க அந்தப் பணத்தை யாராவது கொடுக்க வேண்டும். முழுவதையும் தூளின் விலையில் ஏற்றுகிறீர்களா, பாதியை உங்கள் லாபத்தில் விடுகிறீர்களா என்பது உங்கள் முடிவு. ஆனால் அந்த முடிவை எடுக்காமல் மேடையேற வேண்டாம். அந்த 20 பேரில் கணக்குப் பார்ப்பவர் ஒருவர் இருப்பார். நீங்கள் பேசி முடிப்பதற்குள் அவர் மனத்திலேயே இதைப் பெருக்கிப் பார்த்துவிடுவார். மாதம் 1,000 கிலோ விற்றால் 33,000 ரூபாய். ஏறத்தாழ இரண்டு பேர் சம்பளம். "எங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துத் தோட்டக்காரருக்குக் கொடுக்கிறாரா?" என்ற கேள்வி அவருக்கு வரும், வர வேண்டும். உரையில் அதற்குப் பதில் இருக்க வேண்டும்.

அதனால்தான் உரையின் முதல் பேச்சு சம்பளமாக இருக்கட்டும் என்கிறேன். பலருக்கு இது பிடிப்பதில்லை, உயர்ந்த விஷயத்தில் தொடங்க வேண்டும் என்பார்கள். ஆனால் புது வேலையில் முதல் நாள் உட்கார்ந்திருப்பவர் மனத்தில் ஓடுவது எந்தத் தேதியில் பணம் வரும், கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதுதான். அது தெரியாதவரை வேறெதுவும் காதில் ஏறாது. உங்களுக்குக் குறிப்பாக இன்னொன்றும் இருக்கிறது. 20 பேர் ஆகிவிட்டால் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தும். தற்காலிகமாக வருபவர்களும் அந்த எண்ணிக்கையில் சேர்வார்கள். பொதுவாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் தொழிலாளியிடம் பிடித்து, அதே அளவு நீங்களும் கட்ட வேண்டும். முன்பின் பழக்கமில்லாதவருக்கு முதல் மாதம் கையில் வரும் பணம் குறைந்திருப்பதைப் பார்த்தால் பிடுங்கிக்கொண்டதாகவே தோன்றும். தொடக்க நாளன்றே நீங்களே சொல்லிவிட்டால், அந்தச் சந்தேகம் உங்கள் நோக்கத்தின் மேல் போய் ஒட்டாது.

இனி, பேச்சை விட முக்கியமான ஒன்று. மேடை வேண்டாம். கொட்டை பொறுக்கும் மேசையைச் சுற்றி எல்லோரையும் நிற்கவோ உட்காரவோ வையுங்கள். மேசையில் இரண்டு தட்டு வறுத்த கொட்டை. ஒன்று பழுத்த பழத்திலிருந்து வந்தது, இன்னொன்று உருவிப் பறித்த கலவை, இரண்டும் ஒரே சூட்டில் ஒரே நேரம் வறுத்தவை. கலவைத் தட்டில் அங்கங்கே வெளிறிய கொட்டைகள் தெரியும். மற்றவை கருப்பட்டி நிறத்துக்கு வந்திருக்கும்போது இவை வேர்க்கடலைத் தோல் நிறத்திலேயே நிற்கும். வறுக்கிறவர்கள் இவற்றைக் 'க்வேக்கர்' என்பார்கள். பழுக்காத காயில் சர்க்கரை சேர்ந்திருக்காது. அதனால் எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது. ஒன்றை வாயில் போட்டு மென்றால் காகிதம் மாதிரி, பழைய கடலை மாதிரி ஒரு சுவை வரும். பச்சைக் கொட்டையாக இருக்கும்போது இவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். வறுத்த பிறகு ஒரு குழந்தைக்குக் கூடத் தெரியும்.

இந்த வெளிறிய கொட்டைதான் உங்கள் உரையின் பாதி. அதை நீங்கள் காட்ட வேண்டாம். பொறுக்கும் வேலைக்கு வந்திருக்கும் அக்காக்களில் அனுபவமுள்ள ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவரைப் பொறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் 20 பேரில் சிலர் தோட்டத்து வீட்டிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். உருவிப் பறிப்பதையும் பார்த்துப் பறிப்பதையும் அவர்கள் கை அறியும், உங்கள் கை அறியாது. அவர்களுக்குத் தோட்டக்காரரின் கஷ்டத்தைக் கண் கலங்க விவரிப்பது போன்ற கேலிக்கூத்து வேறில்லை. ஒரு விஷயம் கூடச் சொல்லிவிடுகிறேன்: அந்த மலையில் பளியர் பழங்குடியினர் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது உங்களிடம் வேலைக்கு வந்திருக்கலாம். உரையில் அவர்களைச் சுட்டிக்காட்டி "நம் மண்ணின் மக்கள்" என்று ஒரு வரி வைக்காதீர்கள். வேலைக்கு வந்தவர் வேலைக்கு வந்தவர்தான், அலங்காரப் பொருள் இல்லை.

சரி, உரை இப்படி இருக்கலாம். எழுத்து நடையில் தருகிறேன். நீங்கள் வீட்டில் பேசுகிற பேச்சில் சொல்லுங்கள், தாளைப் பார்த்து வாசிக்காதீர்கள்.

"எல்லோருக்கும் வணக்கம். முதலில் சம்பளம். மாதம் 5ஆம் தேதி உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வந்துவிடும். நாம் 20 பேர் ஆகிவிட்டதால் வருங்கால வைப்பு நிதி பிடிப்போம். உங்கள் பங்கு எவ்வளவோ அதே அளவு நானும் கட்டுவேன். கையில் வரும் தொகை எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன், போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள். மாலை 5 மணிக்கு மேல் யாரும் இருக்க வேண்டியதில்லை. அறுவடை நாட்களில் இருக்க வேண்டி வந்தால் கூடுதல் கூலியும், வீடு வரை வண்டியும் உண்டு.

"இனி, இந்த நிறுவனம் எதற்கு என்று சொல்கிறேன். மேசையில் இரண்டு தட்டு இருக்கிறது. அக்கா இப்போது இந்தத் தட்டிலிருந்து வெளிறிய கொட்டையைப் பொறுக்குவார். பாருங்கள். இது காய். பழுக்கும் முன் பறித்தது. ஏன் பறித்தார்கள் என்று என்னை விட உங்களுக்குத் தெரியும். பழுத்ததை மட்டும் பறித்தால் கூலி அதிகம், விலை அதேதான். பழுத்த பழத்தை மட்டும் பறித்தால் தோட்டக்காரருக்கு நட்டம் வரக் கூடாது. அதற்காகத்தான் இந்த நிறுவனத்தைத் தொடங்கியிருக்கிறேன்.

"இதற்கு ஒரு விலை இருக்கிறது. நம் கணக்கில் ஒரு கிலோ தூளுக்கு 33 ரூபாய். அந்தப் பணம் உங்கள் சம்பளத்திலிருந்து வராது. பாதியைத் தூளின் விலையில் வைத்திருக்கிறேன், மீதி என் லாபத்திலிருந்து. முதல் ஆண்டு எனக்கு லாபம் இருக்காது. இரண்டாம் ஆண்டும் இதே நிலை என்றால், இந்த மேசைக்கே வந்து சொல்வேன்.

"உங்களிடம் நான் கேட்பது ஒன்று. பழம் வந்து இறங்கும்போது, ஒரு கூடையை எடுத்துக் கொட்டி எண்ணுங்கள். நூறில் பத்துக்கு மேல் காய் இருந்தால் அந்தச் சுமைக்குக் கூடுதல் விலை கிடையாது, சாதாரண விலைதான். இருபதுக்கு மேல் இருந்தால் வாங்க வேண்டாம். இதை முடிவு செய்வது இறக்குமிடத்தில் நிற்கும் நீங்கள். நான் அங்கே இருந்தாலும், 'பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னாலும், எடுக்காதீர்கள். திருப்பி அனுப்பியதை இந்த நோட்டில் எழுதுங்கள்.

"எனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. மழை விடாமல் பெய்தால் இந்தப் பத்தும் இருபதும் சரியாக வருமா என்று தெரியாது. டிசம்பரில் பார்த்துவிட்டு மாற்றுவோம். இப்போது இரண்டு தட்டிலிருந்தும் காபி போட்டிருக்கிறோம். குடித்துப் பாருங்கள்."

அவ்வளவுதான். நிதானமாகச் சொன்னால் ஐந்து நிமிடம், காபி வரும்வரை சேர்த்தால் ஏழு.

இதில் நான் வேண்டுமென்றே விட்டவற்றைச் சொல்கிறேன். "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்பது இல்லை. குடும்பத்தில் கூடுதல் நேரத்துக்குக் கூலி கிடையாது, கணக்குக் கேட்டால் மனத்தாங்கல் வரும். வேலைக்கு வந்தவர் இதைச் சரியாகவே புரிந்துகொள்வார். உங்கள் வாழ்க்கைக் கதை இல்லை. வேலையை விட்டு மலைக்கு வந்தது, பாட்டி போட்ட காபி, இவையெல்லாம் வாங்குகிறவர்களுக்குச் சொல்லலாம். பெண்கள் முன்னேற்றமும் இல்லை. உங்கள் மேற்பார்வையாளர் பெண்ணாக இருந்து, ஒரு சுமையைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவரிடம் இருந்தால், அதை எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்.

சிக்கரி பற்றியும் ஒன்றும் வைக்கவில்லை, இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புதிதாகக் காபித் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சிக்கரி மேல் ஒரு கோபம் இருக்கும். "கலப்படமில்லாத காபியே எங்கள் நோக்கம்" என்று முழங்கிவிடுவார்கள். ஆறு மாதத்தில் ஒட்டன்சத்திரத்திலோ வத்தலக்குண்டிலோ ஒரு கடைக்காரர், "எங்கள் ஆட்கள் 80க்கு 20தான் குடிப்பார்கள்" என்று சொல்லி மாதம் 200 கிலோ கேட்பார். வேண்டாம் என்றால் நிறுவனம் தள்ளாடும், சரி என்றால் முழங்கியது பொய்யாகும். சிக்கரி கலப்பது கலப்படமே இல்லை. உணவுப் பாதுகாப்பு விதிப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு காபி எவ்வளவு சிக்கரி என்பதை உறையில் அச்சடிக்க வேண்டும். அச்சடித்து விற்றால் யாரையும் ஏமாற்றவில்லை. உங்கள் வாக்கியம் தோட்டத்துப் பறிப்பைப் பற்றியது என்பதால், 20 சதவீதச் சிக்கரியால் அது உடையாது. நோக்கத்தைத் தேவைக்கு மேல் அகலமாக்கினால், காக்க முடியாத இடத்தில் காவல் நிற்க வேண்டிவரும். மயோனீசுக்கு ஒரு நோக்கம் தேடும் நிறுவனம் வழி தவறிவிட்டது என்று 2022இல் யூனிலீவரைப் பற்றி முதலீட்டாளர் டெர்ரி ஸ்மித் எழுதியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கொஞ்சம் குரூரமான கிண்டல்தான், ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உலகளாவிய இலட்சியத்தை மாட்டிவிடும் வழக்கத்துக்கு அது தேவையாக இருந்தது.

உரையில் வரும் "எனக்குத் தெரியாது" என்ற பத்தியை எடுத்துவிடச் சொல்லி யாராவது ஆலோசனை கூறுவார்கள், தலைவர் தடுமாறுவதுபோல் தோன்றும் என்பார்கள். எடுக்காதீர்கள். ஜப்பானில் கோனோசுகே மட்சுஷிடா, பின்னாளில் பானசோனிக் ஆன நிறுவனத்தை 1918இல் தொடங்கினார். அதன் நோக்கத்தை ஊழியர்களுக்கு முறையாக அறிவித்தது 1932 மே 5 அன்று, ஒசாகாவில், 168 பேர் முன்னிலையில். குழாய்த் தண்ணீர்போல் பொருள்கள் ஏராளமாகவும் மலிவாகவும் கிடைத்தால் வறுமை போகும், அதைச் செய்வதே நம் வேலை என்றார். தெருக்குழாயில் வழிப்போக்கன் தண்ணீர் குடித்தால் யாரும் திட்டுவதில்லை அல்லவா, அதுதான் அவருடைய உவமை. கேட்ட ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராக மேடையேறிப் பேசினார்களாம். அந்த நாளையே நிறுவனத்தின் தொடக்க நாளாகப் பிறகு வைத்துக்கொண்டார்கள். நான் பார்ப்பது அந்த 14 ஆண்டு இடைவெளியை. விளக்குப் பொருத்திகளும் சைக்கிள் விளக்குகளும் விற்று, எது ஓடுகிறது எது ஓடவில்லை என்று பார்த்த பிறகு வந்த உரை அது. நீங்கள் முதல் நாளில் பேசுகிறீர்கள். ஒரு அறுவடை கூடப் பார்த்ததில்லை. மட்சுஷிடா அன்று 250 ஆண்டுத் திட்டம் போட்டார் என்பதற்காக நீங்களும் போட வேண்டாம், டிசம்பர் வரை சொன்னால் போதும்.

இனி, எங்கே உடையும் என்பது. தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வந்துவிடும். கடைகள் காபித்தூளைக் கூடுதலாகக் கேட்கும் நேரம் அது. உங்கள் மலையில் பழம் அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருக்கும். அன்றே பறித்து அன்றே தோல் நீக்கினாலும், நொதிக்க வைத்துக் கழுவ ஓரிரு நாள், ஈரப்பதம் பத்துச் சதவீத அளவுக்கு இறங்கும்வரை காயவைக்க வெயில் அடித்தாலே ஒரு வாரம் பத்து நாள், மழையென்றால் எவ்வளவோ, பிறகு ஓடு உடைத்துத் தரம் பிரிக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அந்த ஆண்டுப் பழம் தீபாவளிக்குத் தூளாகாது. கையில் ஆர்டர், கிடங்கில் ஒன்றுமில்லை. அப்போது யாராவது வந்து "கலவைக் கொட்டை 300 கிலோ இருக்கிறது, வேண்டுமா?" என்பார். என் மசாலாக்காரர் லாரி உங்களுக்கு இந்த வடிவத்தில் வரும். அதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்: முதல் தீபாவளிக்குக் கடைகளிடம் பெரிய ஆர்டர் வாங்காதீர்கள், அல்லது வெளியில் வாங்கிய கொட்டையை வேறு பெயரில் வேறு உறையில் விற்பதாக அன்றே 20 பேரிடமும் சொல்லிவிடுங்கள். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம். சொல்லாமல் செய்வதுதான் கூடாது, ஏனென்றால் கொட்டையைப் பொறுக்குகிறவருக்கு வறுத்த ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உரை வேலை செய்ததா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மாதம் கழித்து "நம் நோக்கம் என்ன?" என்று யாரையும் கேட்காதீர்கள், ஒப்பிப்பார்கள். இறக்குமிடத்து நோட்டைத் திறந்து பாருங்கள். தேதி, தோட்டம், நூறில் எத்தனை காய், எடுத்ததா திருப்பியதா என்று நான்கு கட்டம் போதும். அறுவடைத் தொடக்கத்தில் பழம் ஒரே சீராகப் பழுக்காது. ஆகவே திருப்பிய சுமை இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். ஒன்று கூட இல்லையென்றால், அதற்குக் காரணம் பழம் என்பதை விட யாருக்கும் துணிவு வரவில்லை என்பதே பெரும்பாலும். பழம் கொண்டு வருகிறவர் சொந்த ஊர்க்காரராக, சித்தப்பா முறையாகக் கூட இருப்பார். அவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணால் முடியாது. இதற்கு இன்னோர் உரை உதவாது. சுமையை எண்ணுவதைத் தோட்டக்காரரையே செய்யச் சொல்லுங்கள். அவர் கையால் நூறு பழம் எடுத்து அவரே காயைப் பிரித்து வைக்கட்டும், நம் ஆள் எழுதிக்கொள்ளட்டும். முகத்தாட்சணியத்துக்கு அங்கே இடமில்லாமல் போகும்.

நோட்டில் எல்லாச் சுமையும் எட்டு, ஒன்பது என்று பத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றால் அதையும் சந்தேகப்படுங்கள். கூடுதல் விலை கிடைக்கும் எல்லைக்குள் யாரோ அன்போடு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தச் சுமையின் கொட்டையை வறுத்ததும் ஒரு கைப்பிடி எடுத்து வெளிறியவற்றை எண்ணினால் உண்மை வந்துவிடும். யார் எழுதியது என்று விசாரிக்க வேண்டாம். எண்ணிய தட்டை அந்த நோட்டின் பக்கத்திலேயே மேசையில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

நாள் குறிக்கும்போது காலை நேரமாகப் பாருங்கள். மதியத்துக்கு மேல் மலையில் மேகம் இறங்கினால் தட்டில் நிறம் தெரியாது.